18 நாடு, 5 நிபந்தனை, 3 விடை: எதை எழுதுவது?

பரணிக்கரை | 4 மார்ச் 2023

எந்தெந்த நிபந்தனைகள் சேர்ந்தால் ஒரு விளைவு வருகிறது என்று சில வழக்குகளை ஒப்பிட்டுப் பார்க்கும் க்யூசிஏ முறையைப் பழகிக்கொண்டிருக்கிறேன். இரண்டு உலகப்போர்களுக்கு நடுவில் ஐரோப்பாவின் 18 நாடுகளில் எங்கே ஜனநாயகம் தப்பியது, எங்கே கவிழ்ந்தது என்ற பழைய தரவைத்தான் எடுத்திருக்கிறேன். பெர்க்-ஷ்லோசரும் டி மியூரும் வேலை செய்த அதே நாடுகள். நிபந்தனைகள் ஐந்து: வளம் (DEV), நகரமயம் (URB), எழுத்தறிவு (LIT), தொழில்துறை உழைப்பாளர் பங்கு (IND), ஆட்சி நிலைத்தன்மை (STB). எட்டு நாடு தப்பியது, பத்து கவிழ்ந்தது.

ஆர் மென்பொருளில் போட்டால் ஒரே தரவுக்கு மூன்று விடை வருகிறது. ஒன்று நீளம், ஒன்று நடுத்தரம், ஒன்று இரண்டே சொல். கட்டுரையில் எதைப் போடுவது? மூன்றையும் போட்டால் வழிகாட்டி திட்டுவார்.

மதுரைவீதி | 4 மார்ச் 2023

சின்னதைப் போடுங்க. எதுக்கும் சின்ன விடைதான் நல்லது. வளம் இருக்கணும், ஆட்சி நிலையா இருக்கணும், முடிஞ்சது. எழுத்தறிவு விடையிலேயே இல்லை பாருங்க. ஆக, ஜனநாயகத்துக்குப் படிப்பு தேவையில்லைன்னு தரவே சொல்லிடுச்சு. நம்ம ஊர் மேடைப் பேச்சாளர்கள் சந்தோஷப்படுவாங்க.

18 நாட்டை வெச்சு ரெக்ரஷன் போட முடியாது, அதனாலதான் இந்த வித்தை எல்லாம்.

சூத்திரம்68 | 4 மார்ச் 2023

மதுரைவீதி சார், எழுத்தறிவு விஷயம் அப்படியில்லை. தப்பிய எட்டு நாட்டிலும் LIT=1. விதிவிலக்கே கிடையாது. அப்படியிருக்க "தேவையில்லை" என்று தரவு எங்கே சொன்னது? சுருக்க விடையில் அது காணாமல் போனதற்குக் காரணம் வேறு. எல்லாம் உண்மை அட்டவணையில்தான் இருக்கிறது.

பரணிக்கரை, முதலில் அட்டவணையைக் கையால் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு நிபந்தனையும் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0; ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு வரிசை. ஐந்து நிபந்தனைக்கு 32 வரிசை. 18 நாடும் உட்கார்ந்திருப்பது அதில் ஒன்பதே வரிசையில். இதோ (இலக்கங்கள் முறையே DEV, URB, LIT, IND, STB; கடைசியில் 1 என்றால் தப்பியது, 0 என்றால் கவிழ்ந்தது):

```
11111  பெல்ஜியம், செக்., நெதர்லாந்து, பிரிட்டன்   1
10111  பிரான்ஸ், சுவீடன்                     1
10101  பின்லாந்து, அயர்லாந்து                1
10110  ஆஸ்திரியா                             0
11110  ஜெர்மனி                               0
00101  எஸ்டோனியா                             0
00100  ஹங்கேரி, போலந்து                      0
00001  இத்தாலி, ருமேனியா                     0
00000  கிரீஸ், போர்ச்சுகல், ஸ்பெயின்          0
```

மீதி 23 வரிசையில் ஒரு நாடும் இல்லை. மூன்று விடையும் இந்த ஒன்பது வரிசையில் ஒத்துப்போகின்றன. அவை பிரிவது ஆளில்லாத அந்த 23 வரிசையை என்ன செய்கிறோம் என்பதில்தான்.

சூத்திரம்68 | 4 மார்ச் 2023

தொடர்ச்சி. கைக்கணக்காகவே செய்துவிடலாம். * என்றால் 'உம்', + என்றால் 'அல்லது', ~ என்றால் 'இல்லை'.

முதல் மூன்று வரிசையை மட்டும் எடுங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாறுபடும் இரண்டு வரிசையை ஒட்டலாம், மாறுபடும் நிபந்தனையை அடித்துவிடலாம். முதலாவதும் இரண்டாவதும் URB-யில் மட்டும் மாறுகின்றன, ஒட்டினால் DEV*LIT*IND*STB. இரண்டாவதும் மூன்றாவதும் IND-யில் மட்டும் மாறுகின்றன, ஒட்டினால் DEV*~URB*LIT*STB. இந்த இரண்டையும் கூட்டினால் உங்கள் நீள விடை. ஆளில்லாத வரிசை ஒன்றைக்கூடத் தொடவில்லை.

சுருக்க விடை DEV*STB. DEV-உம் STB-உம் 1 ஆக உள்ள வரிசைகள் மொத்தம் எட்டு. அதில் மூன்றில்தான் நாடு இருக்கிறது. மற்ற ஐந்தையும் "நாடு இருந்திருந்தால் தப்பியிருக்கும்" என்று மென்பொருள் தானாக வைத்துக்கொள்கிறது. அந்த ஐந்து: 10001, 10011, 11001, 11011, 11101. நான்கில் LIT=0, கவனித்தீர்களா? அதாவது வளமும் நிலையான ஆட்சியும் உள்ள, ஆனால் முக்கால்வாசிப் பேருக்குக்கூட எழுத்தறிவு இல்லாத நாடும் தப்பியிருக்கும் என்று நாம் கையெழுத்துப் போட்டால்தான் LIT விழும். அப்படியொரு நாடு அன்றைய ஐரோப்பாவில் இல்லை. எழுத்தறிவைத் தள்ளியது தரவு இல்லை, அந்தக் கையெழுத்து.

மதுரைவீதி | 5 மார்ச் 2023

சரி, எழுத்தறிவை விட்டேன். ஆனா அப்போ நீள விடையும் சந்தேகம்தானே. அதுல ~URB வருது. நகரம் இல்லாம இருக்கறது ஜனநாயகத்துக்கு நல்லதுன்னு அர்த்தமா? வளமும் நகரமும் படிப்பும் வளர்ந்தா ஜனநாயகம் நிலைக்கும்னு லிப்செட் 1959-ல சொன்னதுக்கு நேர் எதிர்.

சூத்திரம்68 | 5 மார்ச் 2023

நல்ல கேள்வி. நடு விடை பிறப்பதே அங்கேதான்.

11101 வரிசையைப் பாருங்கள்: வளம், நகரம், எழுத்தறிவு, நிலையான ஆட்சி எல்லாம் உண்டு, தொழில்துறை உழைப்பாளர் மட்டும் குறைவு. இதில் நாடு இல்லை. ஆனால் பின்லாந்தும் அயர்லாந்தும் (10101) நகரம் இல்லாமலேயே தப்பியிருக்கின்றன. நகரமயம் உதவும், கெடுக்காது என்று கோட்பாடு சொல்கிறது. அப்படியானால் அவர்களிடம் நகரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் கவிழ்ந்திருப்பார்களா? மாட்டார்கள் என்று வைப்பது லேசான ஊகம். அதை ஏற்றால் ~URB விழுந்து DEV*LIT*STB வரும். அது நடு விடை. மற்ற நான்கு வரிசையில் எழுத்தறிவைப் பிடுங்கிவிட்டும் தப்பும் என்கிறோம். அது கோட்பாட்டுக்கு எதிரான கனமான ஊகம். அதை மறுக்கிறோம், LIT நிற்கிறது.

மென்பொருளில் இதை dir.exp என்ற இடத்தில் சொல்ல வேண்டும். எந்த நிபந்தனைக்கு எந்தத் திசை என்று ஒவ்வொன்றாக, ஒரு வரி காரணத்தோடு கட்டுரையில் எழுதுங்கள். ஐந்துக்கும் 1 போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பரணிக்கரை | 5 மார்ச் 2023

புரிந்தது. அப்போ நடு விடையைப் போடுகிறேன். நான் ஓட்டியது இவ்வளவுதான், சரிபார்க்கவும்:

```
library(QCA)
data(LC)
tt <- truthTable(LC, outcome = "SURV", show.cases = TRUE)
minimize(tt)
minimize(tt, include = "?")
minimize(tt, include = "?", dir.exp = c(1,1,1,1,1))
```

முதல் minimize நீள விடை, இரண்டாவது சுருக்க விடை, மூன்றாவது நடு விடை.

கண்மாய்க்காரி | 6 மார்ச் 2023

குறுக்கே வருகிறேன். சிவகங்கைப் பக்கம் 14 கண்மாய்ப் பாசன சங்கங்கள் பற்றிய விவரம் என்னிடம் இருக்கிறது. எது உயிரோடு இருக்கிறது, எது பேருக்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நிபந்தனைகள் ஏழு வைத்திருக்கிறேன்: மடை எண்ணிக்கை, நீர்ப்பாய்ச்சிக்குக் கூலி ஒழுங்காகப் போகிறதா, கிணறு வைத்திருப்போர் பங்கு, வரத்துக்கால் ஆக்கிரமிப்பு, ஒரே சாதி ஆயக்கட்டா, மீன் குத்தகைப் பணம் சங்கத்துக்கு வருகிறதா, வெளிநிதி. போட்டுப் பார்த்ததில் முரணே இல்லை, எல்லாம் சுத்தமாகப் பிரிந்துவிட்டது. ஆக என் நிபந்தனைகள் சரிதானே?

சூத்திரம்68 | 6 மார்ச் 2023

அக்கா, அது நல்ல சகுனம் இல்லை. ஏழு நிபந்தனைக்கு 128 வரிசை. 14 சங்கத்தை அதில் போட்டால் பெரும்பாலும் ஆளுக்கொரு வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். ஒரே வரிசையில் இரண்டு சங்கம் வந்து, ஒன்று உயிரோடும் ஒன்று செத்தும் இருந்தால்தானே முரண் வரும்? நீங்கள் ஏழு நிபந்தனைக்கும் நாணயம் சுண்டி 0, 1 போட்டிருந்தாலும் முரண் அநேகமாக வந்திருக்காது. சோதித்துப் பாருங்கள்: விளைவுப் பத்தியை மட்டும் கலைத்துப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் சுத்தமாகப் பிரிந்தால், முதல் முறை பிரிந்ததற்கு மதிப்பில்லை.

14-க்கு மூன்று, மிஞ்சினால் நான்கு நிபந்தனை. நான்கு என்றால் 16 வரிசை.

கண்மாய்க்காரி | 6 மார்ச் 2023

மூன்றையா வெட்டுவது? எதை?

வெண்பாப்புலி | 7 மார்ச் 2023

நிபந்தனையை வெட்டும் முன் விளைவைப் பாருங்கள். "உயிரோடு இருக்கிறது" என்றால் என்ன? கூட்டம் நடக்கிறதா, மழைக்கு முன் வரத்துக்கால் சுத்தமாகிறதா? கூட்டம் என்றால் தாளில் நடக்கும். வரத்துக்காலும் மடையும் கண்ணுக்குத் தெரியும்.

மூல இழைக்கு வருகிறேன். எனக்கு இந்த முறை தெரியாது, வரலாறு தெரியும். அந்த அட்டவணையில் பிரான்ஸ் STB=1 என்று இருக்கிறது. இது என்ன கூத்து? இரு போர்களுக்கு நடுவே பிரான்சில் அமைச்சரவைகள் மாறிய வேகம் ஊர் அறிந்தது. இருபதாண்டில் இருபதுக்கும் மேல். அதை நிலையான ஆட்சி என்றால் நிலையற்றது எது?

பரணிக்கரை | 7 மார்ச் 2023

மூலத் தரவில் பிரான்சுக்கு 5 என்று இருக்கிறது. அமைச்சரவை எண்ணிக்கை 10-க்குக் கீழ் என்றால் STB=1. எப்படி எண்ணினார்கள் என்று தேடுகிறேன்.

மதுரைவீதி | 7 மார்ச் 2023

ஆகா. ஒரு செல் தப்புன்னா கட்டடமே விழுந்ததா?

சூத்திரம்68 | 7 மார்ச் 2023

விழுமா என்று போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்தடுத்த பிரதமர்களை ஓர் அமைச்சரவையாகச் சேர்த்தார்களா, தனித்தனியாகவா என்பதைப் பொறுத்து எண்ணிக்கை எங்கேயோ போகும். புலி சொல்வதை ஏற்று பிரான்ஸ் STB=0 என்று வையுங்கள். பிரான்ஸ் 10110-க்குப் போகிறது. அங்கே ஏற்கெனவே ஆஸ்திரியா. ஒன்று தப்பியது, ஒன்று கவிழ்ந்தது. முரண் வரிசை.

ஆனால் வேடிக்கை என்னவென்றால் சூத்திரம் மாறாது. 10111-இல் சுவீடன் இன்னும் இருக்கிறது, மற்ற இரண்டு வரிசையும் அப்படியே. முரண் வரிசையில் பாதிக்குப் பாதி என்பதால் வரிசையில் 0.8 பங்காவது தப்பியிருக்க வேண்டும் என்ற வெட்டில் அது தப்பிய பட்டியலில் சேராது. விடை அதே DEV*LIT*STB. குறைவது அது விளக்கும் நாடுகள்: எட்டில் ஏழு. சூத்திரம் அப்படியே நிற்கும், பிரான்ஸ் வெளியே நிற்கும். "விடை மாறவில்லை, ஆகவே உறுதியானது" என்று எழுதுகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். எந்த நாடு வெளியே போனது என்று சொல்லாமல் உறுதி என்று சொல்லக் கூடாது.

வெண்பாப்புலி | 8 மார்ச் 2023

இன்னொன்று. 1922 அக்டோபரில் முசோலினி ஆட்சிக்கு வந்துவிட்டார். பிரிட்டனுக்கு இருபதாண்டுக் காலத்தை எண்ணுகிறோம், இத்தாலியில் ஜனநாயகம் இருந்ததோ சில ஆண்டுதான். சீக்கிரம் கவிழ்ந்தவனுக்கு அமைச்சரவை எண்ணிக்கை தானாகவே குறையும். கவிழ்ந்ததே அவனை "நிலையானவன்" ஆக்கிவிடுகிறது. காரணத்தை அளக்கும் கோலில் விளைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சூத்திரம்68 | 8 மார்ச் 2023

சரியான அடி. இத்தாலிக்குத் தரவில் 9. ஆண்டுக்கு இத்தனை என்று வகுத்தால் STB=0 ஆகும். அப்போது அது 00000-க்குப் போய் கிரீஸ், போர்ச்சுகல், ஸ்பெயினோடு உட்காரும். எல்லாமே கவிழ்ந்தவை, விடைக்குச் சேதமில்லை. ஆனால் நிபந்தனை அளவீடு என்ற முறையில் புலி சொல்வது STB-ஐயே சந்தேகத்துக்குள்ளாக்குகிறது. அதை மறுக்க என்னிடம் எதுவுமில்லை.

சூத்திரம்68 | 8 மார்ச் 2023

வெட்டுப்புள்ளி பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் உண்மையான வம்பு அங்கேதான்.

எண்ணை 1, 0 என்று பிரிக்கும் கோடு அது. DEV-க்குத் தலைக்கு 550 டாலர். முதலில் 600 வைத்துப் பார்த்தவர்கள்தான் 550-க்கு இறங்கினார்கள். 600-இல் பின்லாந்து (590) 0 ஆகி எஸ்டோனியாவோடு முட்டும். தரவை வரிசையாக அடுக்கினால் இத்தாலி 517, அடுத்தது செக்கோஸ்லோவாகியா 586. நடுவே நல்ல இடைவெளி. அந்த இடைவெளிக்குள் எங்கே வெட்டினாலும் ஒரே விடை. 600-இல் வெட்டினால் 586, 590 இரண்டுக்கும் தலைக்கு மேலேயே ஒட்டிக் கோடு விழுகிறது. முரண் தீர்கிறது என்பதற்காக மட்டும் கோட்டை நகர்த்தினால் தப்பு. 550 யாரையும் ஒட்டாமல் இடைவெளிக்கு நடுவே நிற்கிறது என்பதுதான் இங்கே காரணம்.

எழுத்தறிவு 75%. இத்தாலி 72.1, போலந்து 76.9. பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் 70-க்கு இறக்கினாலும் 80-க்கு ஏற்றினாலும் விடை அசையாது, நகர்கிறவர்கள் எல்லாம் கவிழ்ந்த நாடுகள்.

STB-தான் கத்தி முனை. பின்லாந்து 9, ஆஸ்திரியா 10. நடுவில் இடமே இல்லை. கோட்டை ஒரு படி மேலே ஏற்றினால் ஆஸ்திரியா சுவீடனோடு முட்டுகிறது. ஒரு படி கீழே இறக்கினால் பின்லாந்து 10100-க்குப் போகிறது, அது தப்பிய நாடு. அப்போது சுருக்க விடை இரண்டாக உடையும்:

```
DEV*~IND + DEV*STB
DEV*~IND + IND*STB
```

இரண்டும் தரவுக்குச் சமமாகப் பொருந்தும். மென்பொருள் M1, M2 என்று இரண்டையும் காட்டும். பலர் M1-ஐ மட்டும் எடுத்து எழுதிவிடுகிறார்கள். ஒரே ஒரு அமைச்சரவை வித்தியாசத்தில் "வளமும் நிலையான ஆட்சியும்" என்ற கதை, "தொழிலாளர் குறைந்த வளமான நாடு" என்ற கதையோடு கலந்துவிடுகிறது.

பரணிக்கரை | 9 மார்ச் 2023

பின்லாந்தை மாற்றி ஓட்டிப் பார்த்தேன், M1, M2 இரண்டும் வந்தன. என் அறிக்கையில் வெட்டுப்புள்ளிக்கு "இலக்கியத்தின் அடிப்படையில்" என்று மட்டும் எழுதியிருந்தேன். மாற்றி, ஒவ்வொரு நிபந்தனைக்கும் கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள நாடுகளை எழுதுகிறேன்.

கவிழ்வதற்கான விடையும் எடுத்தேன். ஆளில்லாத வரிசையைத் தொடாமல்: ~DEV*~URB*~IND + DEV*LIT*IND*~STB. இதைத் தனியாக எடுக்க வேண்டுமா? தப்பியதற்கான விடையைத் தலைகீழாக்கினால் போதாதா?

மதுரைவீதி | 9 மார்ச் 2023

போதுமே. ஆமாம்னா ஆமாம், இல்லைன்னா இல்லை.

சூத்திரம்68 | 9 மார்ச் 2023

போதாது. இந்தத் தரவின் சுருக்க விடையில் மட்டும் தற்செயலாகத் தலைகீழ் சரியாக வருகிறது (~DEV + ~STB). நீள விடையில் பாருங்கள், கவிழ்ந்தவை இரண்டு குடும்பம். ஒன்று ஏழை, கிராமப்புற, தொழில் குறைந்த எட்டு நாடுகள். மற்றொன்று ஜெர்மனியும் ஆஸ்திரியாவும்: வளமும் எழுத்தறிவும் தொழிலும் இருந்தும் ஆட்சி நிற்காத நாடுகள். தப்பியதை மட்டும் பார்த்திருந்தால் இந்தப் பிளவு தெரிந்திருக்காது. STB இல்லாமல் லிப்செட்டின் நான்கு நிபந்தனையோடு நின்றால் ஜெர்மனி பிரிட்டனோடும், ஆஸ்திரியா சுவீடனோடும் ஒரே வரிசையில் உட்காரும். ஐந்தாவது நிபந்தனை வந்ததே அந்த இரண்டு முரணைத் தீர்க்கத்தான்.

வெண்பாப்புலி | 9 மார்ச் 2023

அதாவது ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தொல்லை கொடுத்ததால், அவை இரண்டையும் சரியாகப் பிரிக்கும் ஒரு நிபந்தனையைத் தேடிக் கொண்டுவந்தார்கள். பிறகு அதுவே விடையில் முக்கியமாக நிற்கிறது என்கிறீர்கள். எனக்கு இது வட்டமாகத் தெரிகிறது.

சூத்திரம்68 | 10 மார்ச் 2023

பாதி வட்டம்தான். முரண் வரிசையைப் பார்த்து வழக்குக்குத் திரும்பிப் போ, என்ன விட்டுப்போனது என்று கேள், என்பது 1987-இல் ரேகின் இந்த முறையைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே அதன் உள்வேலை. கேட்ட பிறகு வரும் நிபந்தனையை வேறு நாடுகளில் சோதிக்க வேண்டும், அந்தப் பாதியைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. இதில் உங்களோடு சண்டை இல்லை.

எந்த விடை என்ற முதல் கேள்விக்கும் துறைக்குள் ஒத்த கருத்து கிடையாது. ரேகின் வழி வந்தவர்கள் பலர் நடு விடை என்பார்கள். பாம்கார்ட்னர் போன்றவர்கள், காரணம் பற்றிப் பேசுவதென்றால் சுருக்க விடை மட்டுமே செல்லும் என்பார்கள். நீள, நடு விடைகளில் வித்தியாசம் உண்டாக்காத நிபந்தனைகளும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது அவர்கள் வாதம். நான் நடுப் பக்கம். ஆனால் மதுரைவீதி சார் சின்ன விடை கேட்டதற்குப் பின்னால் அவரே அறியாத ஒரு பெரிய படை நிற்கிறது.

மதுரைவீதி | 10 மார்ச் 2023

நான் எப்பவும் அப்படித்தான், தெரியாமலே சரியா இருப்பேன்.

பரணிக்கரை | 11 மார்ச் 2023

வழிகாட்டியிடம் பேசினேன். நடு விடை உடலில், மற்ற இரண்டும் பின்னிணைப்பில். 32 வரிசை அட்டவணையை முழுதாகப் போடச் சொன்னார். பிரான்ஸ் எண்ணிக்கை பற்றித் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை, அடிக்குறிப்பாக விட்டிருக்கிறேன்.

கண்மாய்க்காரி | 14 மார்ச் 2023

நான்காகக் குறைத்தேன்: நீர்ப்பாய்ச்சிக் கூலி, கிணறு, வரத்துக்கால் ஆக்கிரமிப்பு, மீன் குத்தகைப் பணம். விளைவை வரத்துக்கால் கடந்த மூன்று ஆண்டும் சுத்தமானதா என்று மாற்றினேன். இப்போது ஒரு முரண் வந்திருக்கிறது. இரண்டு கண்மாய்: இரண்டிலும் கூலி போகிறது, கிணறு குறைவு, ஆக்கிரமிப்பு இல்லை, குத்தகைப் பணம் சங்கத்துக்கு வருகிறது. ஒன்றில் வேலை நடக்கிறது, இன்னொன்றில் இல்லை.

சூத்திரம்68 | 14 மார்ச் 2023

இந்த முரண்தான் உங்களுக்குக் கிடைத்த முதல் உருப்படியான தகவல். வெட்டிய மூன்றையும் உடனே திரும்பச் சேர்க்காதீர்கள். முதலில் கிணறு: எத்தனை சதவீதத்தில் வெட்டினீர்கள், அந்த இரண்டு கண்மாயும் கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன?

கண்மாய்க்காரி | 14 மார்ச் 2023

30-இல் வெட்டினேன். ஒன்று 11, இன்னொன்று 28.

வெண்பாப்புலி | 15 மார்ச் 2023

28-இல் அந்தக் கிணறுகள் யாருடையவை? தலைமடைக்காரர்களுடையதா, கடைமடைக்காரர்களுடையதா?

கண்மாய்க்காரி | 15 மார்ச் 2023

கேட்டு எழுதுகிறேன்.